இருபதை ஆறால் வகுத்தால் ஏன் மீதி வருகிறது?

“ஹட்டனில் தேயிலைப் பரிசுப் பெட்டி செய்கிறோம். வட்டத் தட்டில் சமமான ஆறு அறைகள். மூன்றில் கறுப்புத் தேயிலை, மூன்றில் பச்சைத் தேயிலை. வைக்கும் விதம் 20 வருகிறது. தட்டைச் சுழற்றினால் ஒன்றாகிவிடுபவற்றை நீக்க 6 ஆல் வகுத்தால் மீதி வருகிறது. பிழை எங்கே?”

தேயிலையை வைக்கும் விதங்களை அடுக்குகள் என்போம்; எல்லா அடுக்குகளும் சுழற்சியில் ஆறு வெவ்வேறு தோற்றங்களைத் தரும் என்று எடுத்துக்கொண்டதே பிழை. தட்டை 0, 60, 120, 180, 240, 300 பாகை சுழற்றும் ஆறு செயல்களில் எந்த இரண்டை அடுத்தடுத்துச் செய்தாலும், எதைப் பின்னோக்கிச் செய்தாலும் இந்த ஆறில் ஒன்றே கிடைக்கும்; இத்தகைய செயல்களின் தொகுதி ஒரு குலமாகும். அக்குலம் இருபது அடுக்குகளின் தொடைமீது செயற்படுகிறது. ஓர் அடுக்கைச் சுழற்றிப் பெறக்கூடிய அடுக்குகள் அனைத்தும் சேர்ந்ததே அதன் சுற்றுப்பாதை. அதனை மாற்றாமல் விடும் சுழற்சிகள் சேர்ந்தது அதன் நிலைப்படுத்தி. நீங்கள் எண்ண வேண்டியது சுற்றுப்பாதைகளையே.

கறுப்பை ‘க’ என்றும் பச்சையை ‘ப’ என்றும் குறித்து, கபகபகப என்ற அடுக்கைப் பாருங்கள். 0, 120, 240 பாகைச் சுழற்சிகள் அதை அப்படியே விட்டுவிடுகின்றன; 60, 180, 300 பாகைச் சுழற்சிகள் மூன்றும் அதைப் பகபகபக என்ற ஒரே அடுக்காக்குகின்றன. ஆறு சுழற்சிகளும் மும்மூன்றாகப் பிரிந்து இரண்டு அடுக்குகளை மட்டுமே தருகின்றன. இது தற்செயலன்று: இரு சுழற்சிகள் ஓர் அடுக்கை ஒரே இடத்துக்குக் கொண்டுபோனால், ஒன்றைச் செய்து மற்றதைப் பின்னோக்கிச் செய்வது அந்த அடுக்கை மாற்றாது, அதாவது அது நிலைப்படுத்தியைச் சேர்ந்தது. எனவே சுற்றுப்பாதையின் ஒவ்வோர் உறுப்புக்கும் நிலைப்படுத்தியின் அளவுக்குச் சமமான எண்ணிக்கையில் சுழற்சிகள் கிடைக்கின்றன. குலத்தை G என்றும், ஓர் அடுக்கை x என்றும், அதன் சுற்றுப்பாதையை Orb(x) என்றும், நிலைப்படுத்தியை Stab(x) என்றும், ஒவ்வொன்றிலும் உள்ள உறுப்புகளின் எண்ணிக்கையை | | என்றும் குறித்தால்:

|G| = |Orb(x)| × |Stab(x)|

இங்கே 6 = 2 × 3. கககபபப, ககபகபப, ககபபகப ஆகிய மூன்றையும் 0 பாகை தவிர வேறெந்தச் சுழற்சியும் மாற்றாமல் விடுவதில்லை என்பதால், அவை ஒவ்வொன்றின் சுற்றுப்பாதையிலும் ஆறு அடுக்குகள் உள்ளன. 6 + 6 + 6 + 2 = 20; ஒன்றும் விடுபடவில்லை, ஒன்றும் இருமுறை எண்ணப்படவில்லை. ஆகவே உங்களுக்கு வேண்டிய விடை 4. கூட்டுத்தொகை 20 ஆகாவிட்டால் ஏதோவொரு சுற்றுப்பாதை தவறியிருக்கிறது அல்லது இரண்டு முறை வந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

எந்தக் குலம் என்பதை முதலிலேயே தீர்மானிப்பது மிக முக்கியம் என்பேன். தட்டைக் கவிழ்க்க முடியாது என்பதால் மேலே சுழற்சிகளை மட்டுமே எடுத்தோம். இதே வரிசையில் மணிகளைக் கோத்து வளையமாக்கினால் அதைப் புரட்டவும் முடியும். குலத்தில் 12 செயல்கள் இருக்கும். அப்போது ககபகபப, ககபபகப இரண்டும் ஒன்றின் கண்ணாடிப் பிம்பம் மற்றொன்று என்பதால் ஒரே சுற்றுப்பாதையில் சேர்ந்து, அதன் அளவு 12 ஆகிறது. நிலைப்படுத்தியின் அளவு 1. கககபபப-வின் சுற்றுப்பாதை 6 ஆகவே இருக்க, அதன் நிலைப்படுத்தியில் ஒரு புரட்டலும் சேர்ந்து அளவு 2 ஆகிறது. கபகபகப-வுக்கு 12 = 2 × 6. மொத்தம் 12 + 6 + 2 = 20; வளையத்துக்கு விடை 3.