கெடு ஒன்று, வினை இரண்டு

அன்புள்ள ஐயா,

ஆங்கிலப் பயிற்சித்தாளில் "யூ கேன் கீப் மை புக் ____ ஃப்ரைடே" என்ற வாக்கியத்தைக் கொடுத்து, 'பை', 'அன்டில்' இரண்டில் ஒன்றை நிரப்பச் சொல்லியிருந்தார்கள். அதைப் பற்றி வகுப்புத் தோழனுக்கும் எனக்கும் நடந்த வாக்குவாதம் இது:

தோழன்: வெள்ளிக்கிழமைதான் கெடு. கெடு வந்தால் 'பை' போட வேண்டும்.
நான்: 'அன்டில்' என்று படித்தால்தான் சரியாக இருக்கிறது.
தோழன்: காதுக்குச் சரியாக இருப்பது ஒரு காரணமா? வெள்ளிக்கிழமைக்குப் பிறகும் புத்தகத்தை வைத்துக்கொள்ளலாமா?
நான்: கூடாது.
தோழன்: அப்படியானால் அது கெடுதானே?

அதற்கு மேல் எனக்குப் பேச வரவில்லை. யார் சொல்வது சரி?

இப்படிக்கு,
ஒரு மாணவன்

அன்புள்ள மாணவருக்கு,

'அன்டில்' என்பதே விடை. ஆனாலும் உங்கள் தோழரின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது, ஏனென்றால் வெள்ளிக்கிழமை கெடு என்று அவர் சொன்னதில் தவறே இல்லை. கெடுவைப் பார்த்து முன்னிடைச்சொல்லைத் தேர்ந்தெடுத்ததில்தான் அவர் சறுக்கிவிட்டார். புத்தகமும் கெடுவும் அப்படியே இருக்க, வினையை மட்டும் மாற்றி "யூ மஸ்ட் ரிட்டர்ன் மை புக்" என்று எழுதிப் பாருங்கள். அங்கே 'பை ஃப்ரைடே' என்பதுதான் பொருந்தும், 'அன்டில்' பொருந்தாது. ஆகவே இந்த இரண்டில் எது வரும் என்பதை முடிவு செய்வது கிழமை அல்ல, அதற்கு முன்னால் நிற்கும் வினை.

வினையை நோக்கி 'எவ்வளவு நாள்?' என்று கேட்டுப் பார்க்கலாம். எவ்வளவு நாள் வைத்திருந்தாய் என்று கேட்க முடியும், ஏனென்றால் வைத்திருப்பது நாள்கணக்கில் நீளும் செயல். அந்த நீட்சி எங்கே முடிகிறது என்பதை 'அன்டில்' காட்டுகிறது. எவ்வளவு நாள் திருப்பிக் கொடுத்தாய் என்று யாரும் கேட்பதில்லை, கொடுத்த கணத்தில் அந்தச் செயல் முடிந்துவிடுகிறது. அந்தக் கணம் எந்த நாளைத் தாண்டக் கூடாது என்பதைச் சொல்ல 'பை' வருகிறது.

தமிழிலும் நாம் 'வெள்ளிக்கிழமை வரை வைத்துக்கொள்', 'வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்துவிடு' என்றுதான் சொல்கிறோம். 'வெள்ளிக்கிழமைக்குள் வைத்துக்கொள்' என்றால் சிறு குழந்தைகூடச் சிரிக்கும். உங்கள் காது சரியாகச் சொன்னதற்கு இந்தப் பழக்கமே காரணமாக இருக்கலாம். ஆனால் இந்த ஒப்பீட்டை முழுவதும் நம்பிவிட வேண்டாம். 'மூன்று நாளுக்குள் கொடு' என்பதிலும் 'உள்' இருக்கிறதே என்று 'பை த்ரீ டேஸ்' என எழுதினால் பிழையாகிவிடும். அது கால அளவு என்பதால் 'விதின் த்ரீ டேஸ்' என்றே எழுத வேண்டும். 'பை'க்கு வெள்ளிக்கிழமை, ஆறு மணி என்பதுபோல ஒரு குறிப்பிட்ட நேரம் வேண்டும்.

தோழர் இனி இந்த விதியைப் பிடித்துக்கொண்டு, 'ரிட்டர்ன்' வந்தால் 'அன்டில்' வரவே வராது என்று வாதிடக்கூடும். "ஹி டிட் நாட் ரிட்டர்ன் த புக் அன்டில் ஃப்ரைடே" என்பது பிழையற்ற வாக்கியம் என்பதை அவருக்குக் காட்டுங்கள். திருப்பிக் கொடுப்பது ஒரு கணத்தில் முடிந்துவிடும். கொடுக்காமல் இருப்பதோ நாள்கணக்கில் நீளும். எதிர்மறை சேர்ந்தவுடன் வினை நீட்சியுள்ளதாக மாறிவிடுவதால் 'அன்டில்' உள்ளே வந்துவிடுகிறது. இந்த வாக்கியத்தைப் படிக்கும் ஆங்கிலேயர், புத்தகம் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது என்றே பொதுவாகப் புரிந்துகொள்வார். 'வெள்ளிக்கிழமை வரை கொடுக்கவில்லை' என்ற தமிழ் வாக்கியத்திலோ, புத்தகம் பிறகாவது வந்ததா என்பது அவ்வளவு தெளிவாக இல்லை.

இருவர் சொல்வதும் சரியாகிவிடும் வாக்கியங்களும் உண்டு. "ஷி வில் பி ஹியர் ____ சிக்ஸ்" என்பதில் 'பை' போட்டால் அவள் ஆறு மணிக்குள் வந்துவிடுவாள் என்று பொருள். 'அன்டில்' போட்டால் ஆறு மணி வரை இங்கே இருப்பாள் என்று பொருள். 'பி' என்ற வினை வந்து சேர்வதையும் தங்கியிருப்பதையும் குறிக்கக்கூடியது என்பதால், இங்கே வினையை மட்டும் பார்த்து முடிவு சொல்ல இயலாது. அடுத்த வாக்கியத்தைப் பார்க்க வேண்டும். "தென் ஷி ஹேஸ் டு லீவ்" என்று தொடர்ந்தால் 'அன்டில்' என்பது உறுதி. "ஸோ வி கேன் ஸ்டார்ட் அட் சிக்ஸ்" என்று தொடர்ந்தால் 'பை' என்பது உறுதி. அப்படி எந்தத் துணையும் தராமல் அந்த ஒற்றை வரியை மட்டும் வினாத்தாளில் அச்சிட்டிருந்தால், எந்த விடையை எழுதியவருக்கும் மதிப்பெண் தருவதே முறை. அதைக் கேட்டு வாங்க நீங்கள் இருவரும் சேர்ந்தே ஆசிரியரிடம் போகலாம்.