‘ஃபானௌ’ குடும்பம் இல்லை, ‘மன’ மானம் இல்லை

“அண்ணா, அடுத்த மாசம் வேலைக்கு நியூசிலாந்து வர்றேன், லோயர் ஹட் பக்கம். இப்பவே அந்த ஊர் செய்தி படிச்சுப் பழகுறேன். எல்லாச் செய்தியிலயும் whānau, mana-ன்னு வருது. அகராதியில குடும்பம், கௌரவம்னு போட்டிருக்கு. அது போதுமா? அப்புறம் வாடகை எவ்வளவு ஆகும், கார் அங்க வந்து வாங்கலாமா?”

தம்பி, வாடகை, கார் எல்லாம் வந்து இறங்கின முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். அதைச் சொல்ல நூறு பேர் இருக்கிறார்கள். உன் முதல் கேள்விக்குத்தான் நான் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். ஏனென்றால் 2005-இல் நான் வந்தபோது இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதனால் ஒரு மனுஷனுக்கு நான் செய்த அநியாயம் இன்னும் உறுத்துகிறது.

ஒரு குளிர்பதனக் கிடங்கில் எனக்கு ஷிப்ட் சூப்பர்வைசர் வேலை. சேர்ந்த அன்று கொடுத்த கையேட்டில், இந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளின் சொற்கள் ஒரு பக்கம் இருந்தன. ஃபானௌ என்றால் குடும்பம், மன என்றால் மதிப்பு, அவ்வளவுதான். ஃபோர்க்லிப்டுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்த அந்த நிறுவனம், மனிதர்களோடு பழக ஒரு பக்கம் போதும் என்று நினைத்தது. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் தீரவில்லை.

நான்காவது மாதம், ஃபோர்க்லிப்ட் ஓட்டும் ஒரு மாவோரிக்காரர் வந்து, தாங்கிக்குப் போகணும், விடுப்பு வேண்டும் என்றார். தாங்கி என்றால் அவர்களுடைய சாவுச் சடங்கு. பெரும்பாலும் மூன்று நாள் நடக்கும். யார் இறந்தது என்று கேட்டேன். அம்மாவுடைய ஒன்றுவிட்ட தங்கை என்றார். நான் பட்டியலை எடுத்தேன். 2003-ஆம் ஆண்டு விடுமுறைச் சட்டத்தில் அம்மா, அப்பா, பிள்ளை, உடன்பிறப்பு, தாத்தா பாட்டி, பேரப்பிள்ளை, மனைவி அல்லது கணவர், அவருடைய அப்பா அம்மா ஆகியோர் இறந்தால் மூன்று நாள். மற்றவர் என்றால் ஒரு நாள், அதுவும் முதலாளி ஒத்துக்கொண்டால். “நெருங்கின குடும்பம் இல்லையே, ஒரு நாள்தான்” என்று நாலு பேர் நிற்கிற இடத்தில் வைத்துச் சொன்னேன். அவர் என்னை ஒரு முறை பார்த்து, “என்னை வளர்த்தது அவங்கதான்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். சம்பளம் இல்லாமல் ஐந்து நாள் எடுத்துக்கொண்டார். அந்த ஐந்து நாளும், அதற்கப்புறம் வெகு நாளும், என் ஷிப்டில் மாவோரிக்காரர் ஒருவரும் வேலைக்கு மேல் ஒரு வார்த்தை என்னிடம் பேசவில்லை.

இதில் வெட்கப்பட வேண்டியது என்னவென்றால், தமிழனுக்கு இது புரிந்திருக்க வேண்டும். அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கையை நாம் என்ன சொல்வோம்? சித்தி என்போம். நான் அங்கே நின்றுகொண்டு இங்கிலீஷ் பட்டியலில் யோசித்தேன். போதாக்குறைக்கு அந்தச் சித்தி அவரை எடுத்து வளர்த்தவர். இதற்கு அவர்கள் ‘ஃபாங்காய்’ என்பார்கள். சோறூட்டுவது என்று பொருள். சொந்தத்துக்குள்ளேயே பிள்ளையைக் கொடுத்து வளர்ப்பது அங்கே ஒளிவுமறைவு இல்லாத வழக்கம். அதே சட்டத்தில் பட்டியலுக்குக் கீழே, இறந்தவரோடு இருந்த நெருக்கத்தையும், சடங்கில் அவருக்கு உள்ள பொறுப்பையும், பண்பாட்டுக் கடமைகளையும் முதலாளி கணக்கில் எடுத்து முடிவு செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறது. நான் அதுவரை படிக்கவே இல்லை.

முதலில் உச்சரிப்பைச் சொல்லிவிடுகிறேன். wh என்பதைப் பெரும்பாலான இடங்களில் ஃப போல ஒலிக்க வேண்டும். ā மேல் கோடு இருந்தால் நெடில். நமக்கு இது கஷ்டமே இல்லை: ஃபானௌ. மன என்பதில் இரண்டும் குறில், மனநிலை என்கிறோமே, அந்த ‘மன’. நெடிலாக்கி ‘மான’ என்றால் ‘அவருக்காக’ என்று வேறு பொருள் வந்துவிடும்.

ஃபானௌ என்ற சொல்லுக்கே பிறத்தல் என்று பொருள் உண்டு. அதற்கு மேலே உள்ள வட்டம் ஹபூ, கிளை மாதிரி. அந்தச் சொல்லுக்குக் கர்ப்பம் என்றும் பொருள். அதற்கும் மேலே இவி, பெருங்குலம். எலும்பு என்றும் பொருள். நிலத்துக்கு ஃபெனுவா என்பார்கள், நஞ்சுக்கொடிக்கும் அதே சொல்தான். பிள்ளை பிறந்ததும் நஞ்சுக்கொடியைச் சொந்த மண்ணில் புதைப்பது பழைய வழக்கம். அதனால் ஃபானௌ என்பதை அப்பா, அம்மா, இரண்டு பிள்ளை என்று எண்ணிப் பார்க்காதே. நம்ம ஊரில் பங்காளி, வகையறா என்கிறோமே, கிட்டத்தட்ட அந்த அகலம். ஆனால் வகையறாவில் மருமகன் வெளியாள், இங்கே கட்டிக்கொண்டு வந்தவரும் எடுத்து வளர்த்தவரும் உள்ளேதான்.

செய்தியில் இது இரண்டு விதமாக வரும். ஃபானௌ, ஹபூ, இவி என்று மூன்றும் சேர்ந்து வந்தால் அது வம்சாவளி. பிள்ளைகளை அரசு பாதுகாப்பில் எடுப்பது பற்றிய செய்திகளில் இப்படித்தான் வரும். 1989-ஆம் ஆண்டுச் சட்டமே அப்படி எழுதப்பட்டது. பிள்ளையை எங்கே வைப்பது என்பதைப் பெற்றவர் மட்டுமில்லாமல் இந்தப் பெரிய வட்டமும் உட்கார்ந்து பேசத் தனிக் கூட்ட முறையே அதில் இருக்கிறது. ‘பள்ளி ஃபானௌ’, ‘கிளப் ஃபானௌ’ என்று வந்தால் ஒரு காரியத்துக்காகக் கூடியவர்கள், ரத்த சம்பந்தம் தேவையில்லை. போலீஸ் ‘ஃபானௌவுக்குத் தகவல் சொல்லிவிட்டோம்’ என்று சொன்னால் மனைவியிடம் சொல்லிவிட்டார்கள் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதே.

மன விஷயத்துக்கு வருகிறேன். இங்கே ஓர் எச்சரிக்கை. நம் சங்க விழாவுக்குப் போனால் யாராவது ஒருவர், “மன என்பது நம்ம மானம்தான் தம்பி, மாவோரிகள் நம்ம ஆட்கள்” என்று ஆரம்பிப்பார். உடனே தமிழ் மணியைச் சாட்சிக்கு இழுப்பார். மணி நிஜம். 1836 வாக்கில் வடக்குப் பகுதியில் மாவோரிகள் அதைச் சமையல் பாத்திரமாக வைத்திருந்ததைக் கொலென்சோ என்ற மிஷனரி பார்த்து வாங்கினார். இன்று வெலிங்டன் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முகைதீன் பக்ஸ் என்பவரின் கப்பல் மணி என்று அதில் தமிழில் பொறித்திருக்கிறது. ஆனால் அது ஒரு கப்பல் மணிக்குத்தான் சாட்சி, மொழி உறவுக்கு இல்லை. மன என்பது பசிபிக் தீவுகள் பலவற்றிலும் புழங்கும் பழைய சொல். நம்முடைய மானம் ஒருவன் தனக்குள் காத்துக்கொள்வது, போனால் மயிர் நீப்பின் உயிர் விடும் கவரிமான் கதைதான். மன அப்படி இல்லை. கொஞ்சம் முன்னோர் வழி வரும், கொஞ்சம் செய்கையால் வளரும், மற்றவர்கள் கொடுப்பார்கள். இன்னொருவருடையதை மிதித்தால் மிதித்தவனுடையதும் குறையும். என் ஷிப்டில் நடந்தது அதுதான். எனக்கு அதை விளக்கியவர் லோடிங் பகுதியில் இருந்த ஒரு சமோவாப் பெரியவர்.

‘மன ஃபெனுவா’ என்று நகர சபைச் செய்திகளில் வரும். அது நிலத்தின் கௌரவம் இல்லை, அந்த இடத்தில் வழக்கப்படி அதிகாரம் உள்ள ஹபூ அல்லது இவி. ஆட்களைக் குறிக்கிறது. மன என்பதற்கு அரசதிகாரம் வரைக்கும் எடை உண்டு. 1835-இல் வடக்குத் தலைவர்கள் கையெழுத்திட்ட சுதந்திரப் பிரகடனத்தில், நிலத்தின் மீதான இறையாண்மைக்கு மன என்ற சொல்லைத்தான் போட்டார்கள். ஐந்து வருஷம் கழித்து வைத்தாங்கி ஒப்பந்தத்தின் மாவோரிப் பிரதியில், பிரிட்டிஷ் ராணிக்குக் கொடுப்பதைச் சொல்ல அந்தச் சொல்லை எடுக்காமல் ஆளுநர் ஆட்சி என்ற பொருளில் ‘காவனதாங்கா’ என்று போட்டார்கள். மன என்று எழுதியிருந்தால் எந்தத் தலைவர் கையெழுத்திட்டிருப்பார் என்று இன்றுவரை கேட்கிறார்கள். அந்த ஒப்பந்த நாளான பிப்ரவரி 6 வந்தால் இந்தச் சண்டையைத்தான் செய்தியில் படிப்பாய்.

இரண்டு சொல்லும் ஒரே வழக்கில் சந்தித்தது பீட்டர் எல்லிஸ் வழக்கில். அவர் வெள்ளைக்காரர். கிறைஸ்ட்சர்ச்சில் குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்தவர், குழந்தைகளிடம் பாலியல் குற்றம் செய்ததாக 1993-இல் பத்து வருஷத் தண்டனை பெற்றார். கடைசிவரை மறுத்தார். 2019-இல் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டுக்கு அனுமதி கொடுத்தது. விசாரணைக்கு முன்பே செப்டம்பரில் இறந்துபோனார். ஆள் போனபின் வழக்கு எதற்கு என்பதுதான் ஆங்கிலச் சட்டத்தின் பழைய வழி. நீதிபதிகளோ, மாவோரி வழக்கமான திகாங்கா இதற்கு என்ன சொல்கிறது என்று கேட்டார்கள். ஹிரினி மோகோ மீட், போ தெமாரா என்ற இரண்டு அறிஞர்கள் சொன்னதன் சாரம்: மன சாவோடு முடிவதில்லை, களங்கம் இருந்தால் அது அவர் ஃபானௌவின் மீதும் நிற்கும், தீர்த்துவைக்க வேண்டியது பாக்கி இருக்கிறது. குற்றம் சாட்டியவர்களுக்கும் அவர்கள் ஃபானௌவுக்கும் மன உண்டு என்பதும் அதே தராசில் வைக்கப்பட்டது. 2020-இல் பெரும்பான்மை நீதிபதிகள் வழக்கு தொடரலாம் என்றார்கள். 2022 அக்டோபரில் எல்லிஸ் குற்றவாளி என்ற 1993-ஆம் ஆண்டுத் தீர்ப்புகள் ரத்தாயின. இந்தச் செய்தியில் மன என்ற இடத்தில் கௌரவம் என்று போட்டுப் படித்துப் பார். செத்தவனுக்கு என்ன கௌரவம் என்றுதான் தோன்றும், வழக்கே விளங்காது.

எனக்கு அது உடனே விளங்கியது. ஏனென்றால் அதற்குள் நான் தாங்கிக்குப் போயிருந்தேன். அதே ஃபோர்க்லிப்ட்காரரின் மாமா இறந்தபோது போனேன், அந்தத் தடவை நாலு நாள் விடுப்பு நானே எழுதிக் கொடுத்திருந்தேன். இருபது வருஷமாக இங்கே இருந்தும் மாவோரிகள் கூடும் இடமான மராயே ஒன்றின் வாசலைக்கூட மிதிக்காத நம்ம ஆட்கள் இருக்கிறார்கள். நமக்கெதற்கு, வேலைக்குத்தானே வந்தோம் என்பார்கள். நீ அவர்கள் பேச்சைக் கேட்காதே.

வாசலில் கூட்டமாக நின்றோம். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் எடுத்து அழைத்த பிறகுதான் நகர்ந்தோம், நம்ம ஒப்பாரி மாதிரியே அடிவயிற்றிலிருந்து வந்தது. பெட்டி திறந்திருந்தது. சுற்றிப் பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள், முன்பே இறந்தவர்களின் போட்டோக்களைப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். பேச எழுந்த பெரியவர்கள் எங்களைப் பார்த்துப் பேசவில்லை, இறந்தவரைப் பார்த்து நேராக, போய் வா, போய் வா என்று பேசினார்கள். கல்லறையிலிருந்து திரும்பும்போது வாசலில் தண்ணீர் இருந்தது. யாரும் சொல்லாமலே நான் கையை நனைத்துத் தலையில் தெளித்துக்கொண்டேன்.

சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு பாட்டி என் பக்கத்தில் உட்கார்ந்தார். என்ன வேலை, எவ்வளவு சம்பளம் என்று கேட்கவில்லை. உன் மலை எது, உன் ஆறு எது என்று கேட்டார். பொதிகை, தாமிரபரணி என்றேன். ‘தாமிரபரணி’ அவர் வாயில் நுழையவில்லை. நான் மெதுவாகச் சொல்லச் சொல்ல, சரியாக வரும்வரை நாலு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் தட்டில் கை வைத்தார்.