இரண்டு பவுன் சங்கிலியும் அம்மா கொடுத்த கசகசாவும்

கேள்வி: சிங்கப்பூரில் எஸ் பாஸில் வேலை செய்கிறேன். தங்கை திருமணத்துக்காக மூன்று வாரம் கும்பகோணம் வந்துள்ளேன். மாமா எனக்கு இரண்டு பவுனில் புதிய சங்கிலி போட்டார். நண்பர்களுக்கு 300 சிங்கப்பூர் வெள்ளிக்குச் சேலைகள் வாங்கியிருக்கிறேன். அம்மா மட்டன் ஊறுகாய், கருவாடு, மசாலாப் பொடி, கசகசா எல்லாம் கட்டிக் கொடுக்கிறார். அறை நண்பர் ஒரு கட்டு பீடி கேட்டிருக்கிறார். 500 வெள்ளி வரை வரி இல்லை என்கிறார்களே, சங்கிலியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, சிங்கப்பூர் விமான நிலையச் சுங்கத்தில் வரி கட்ட எதுவும் இல்லாதவர்கள் போகும் பச்சை வழியில் போகலாமா?

பதில்: போகக் கூடாது. அந்த 500 வெள்ளிச் சலுகை உங்களுக்குக் கிடையாது. வெளிநாட்டில் 48 மணி நேரத்துக்குக் குறையாமல் தங்கித் திரும்பும் குடிமக்கள், நிரந்தரவாசிகள், சுற்றுப்பயணிகள் ஆகியோருக்குத்தான் அது. 48 மணிக்குள் திரும்பினால் அவர்களுக்கே 100 வெள்ளிதான். வேலை அனுமதி, எஸ் பாஸ், எம்ப்ளாய்மெண்ட் பாஸ், மாணவர் பாஸ், சார்ந்திருப்போர் பாஸ் வைத்திருப்பவர்களைச் சட்டம் இந்தச் சலுகையிலிருந்து விலக்கிவிட்டது. எத்தனை ஆண்டு அங்கே வாழ்ந்தாலும் கையில் இருக்கும் அட்டைதான் கணக்கு. விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் சொல்வதை நம்பி மாட்டிக்கொள்பவர்களில் பலர் இந்த ஒரு விஷயத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஆகவே நீங்கள் கொண்டுபோகும் புதிய பொருள்களுக்கு முதல் வெள்ளியிலிருந்தே 9 சதவீத ஜிஎஸ்டி உண்டு. பரிசாக வந்ததும் இதில் அடங்கும். மாமா காசு கொடுத்தார் என்பது வரியை மாற்றாது. சங்கிலியின் ரசீது 2,600 வெள்ளிக்குச் சமம் என்று வைத்துக்கொள்வோம். சேலையோடு சேர்த்து 2,900. வரி 261 வெள்ளி. இதே பொருள்களை ஒரு நிரந்தரவாசி கொண்டுவந்தால் 500 கழித்து 2,400க்கு 216 வெள்ளி கட்டுவார். வித்தியாசம் வெறும் 45 வெள்ளிதான். ஆனால் ஏய்த்ததாக முடிவானால் ஏய்த்த தொகையைப்போல 20 மடங்கு வரை, அதாவது 5,220 வெள்ளி வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. இரண்டு ஆண்டு வரை சிறையும் உண்டு. பாஸ் புதுப்பிக்க வேண்டிய ஒருவருக்கு 261 வெள்ளிக்காக இந்தச் சூதாட்டம் தேவையா?

கழுத்தில் போட்டுக்கொண்டால் புதிய நகை பழைய நகை ஆகிவிடாது. உண்மையிலேயே நீங்கள் சிங்கப்பூரிலிருந்து அணிந்து வந்த மோதிரம், கைச்சங்கிலிக்கு வரி இல்லை. ஆனால் அதைக் காட்ட வேண்டிய நிலை வந்தால் பழைய ரசீதோ, ஊருக்குக் கிளம்புமுன் எடுத்த படமோ கைகொடுக்கும். புதிய சங்கிலியின் கடை ரசீதைக் கைப்பையில் வையுங்கள். ரசீது இல்லாமல் மதிப்பைக் குறைத்துச் சொன்னால் அதுவும் குற்றமே.

கட்டும் வழி எளிது. Customs@SG இணையச் சேவையில் பொருள்களை முன்கூட்டியே அறிவித்து வரியையும் கட்டிவிட்டால் பச்சை வழியிலேயே நடக்கலாம். நிறுத்திக் கேட்டால் மின்ரசீதைக் காட்டுங்கள். இல்லையென்றால் சிவப்பு வழிக்குப் போய் அதிகாரியிடம் நீங்களாகவே சொல்லுங்கள். SG Arrival Card நிரப்பியதை இந்த அறிவிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். அது குடிநுழைவுக்கும் உடல்நலத்துக்குமானது.

உணவு வேறு கதை. நகையில் வரி கட்டினால் பிரச்சினை தீர்ந்தது. தடைசெய்த பொருளில் எவ்வளவு கட்டினாலும் தீராது. இறைச்சி, அனுமதிக்கப்பட்ட நாடுகளிலிருந்து மட்டுமே வரலாம். வீட்டில் செய்த மட்டன் ஊறுகாயை அம்மாவிடமே விட்டுவாருங்கள், அல்லது அங்கேயே சாப்பிட்டு முடியுங்கள். கருவாடு சொந்தத் தேவைக்கு 5 கிலோவுக்குள் இருந்தால் சிக்கல் இல்லை, ஆனால் நன்றாகக் கட்டுங்கள். பெட்டி மணத்தால் பக்கத்து பெட்டிக்காரர் சபிப்பார். மசாலாப் பொடி கொண்டுபோகலாம்.

கசகசாவை மட்டும் வெளியே எடுத்துவிடுங்கள். நம் ஊர் மளிகைக் கடையில் குருமாவுக்கு வாங்கும் அதே பொருள்தான். ஆனால் அபினிச் செடியின் விதை அது. அதில் மார்ஃபின் ஒட்டியிருக்கக்கூடும் என்பதால் சிங்கப்பூரின் மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவு அதைத் தடைசெய்த பொருளாகவே வைத்திருக்கிறது. "சமையலுக்குத்தான்" என்பது அங்கே செல்லாத வாதம். அம்மா அரைத்த குருமாப் பொடியில் கசகசா சேர்ந்திருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சேர்ந்திருந்தால் அந்தப் பொட்டலமும் வேண்டாம். சர்பத்தில் போடும் சப்ஜா விதையைச் சிலர் கசகசா என்றே அழைப்பதால், அதைக் கொண்டுபோனால் உறையில் பெயர் தெளிவாக இருக்கட்டும்.

பீடி வேண்டாம். புகையிலைக்குச் சிங்கப்பூரில் ஒரு துண்டுக்குக்கூட வரிவிலக்கு இல்லை. 2020 ஜூலை முதல் ஒரே மாதிரியான வெற்று உறை விதியும் இருப்பதால், நம் ஊர்ப் படம் போட்ட கட்டு அந்த விதியையும் மீறும். மெல்லும் புகையிலைக்கு முழுத் தடை. பை உங்களுடையது என்றால் குற்றமும் உங்களுடையது. நண்பர் கேட்டார் என்று சொல்லித் தப்ப முடியாது.