சம்பந்தம் முறியாமல் சீரை மறுப்பது எப்படி?

தரகர் மூலம் "50 பவுன், ஒரு கார்" என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பையனை எங்கள் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. எப்படி மறுப்பது?

தரகரிடமே பதில் சொல்லி அனுப்பாதீர்கள். உங்கள் 'வேண்டாம்' அவர் வாயில் '30 பவுனுக்கு இறங்குவார்கள்' என்று மாறிவிடலாம். பையனின் அப்பாவிடம் நேராக போனில் பேசுங்கள். அப்புறம் அதையே அவருக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். குடும்பக் குழுவில் போட்டால், நாலு பேர் முன்னால் அவரால் இறங்கி வர முடியாது.

"வணக்கம் சார். அன்றைக்குத் தம்பி எங்கள் அம்மாவிடம் உட்கார்ந்து பேசிய விதம் எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. மகளுக்கும் முழுச் சம்மதம். நகை, கார் பற்றித் தரகர் சொன்னார். அப்படிப் பேசிக் கொடுப்பதில்லை என்று எங்கள் வீட்டில் முடிவு செய்திருக்கிறோம். மகளின் விருப்பமும் அதுதான். கல்யாணச் செலவை இரண்டு வீடும் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை நீங்களும் அம்மாவும் வந்தால் உட்கார்ந்து பேசலாம்."

இதில் 'வசதியில்லை' என்று எங்கும் இல்லை. அப்படி எழுதினால் 'பிறகு மெதுவாகச் செய்யுங்கள்' என்று பதில் வரும். 'தரகர் சொன்னார்' என்பது அவருக்கு ஒரு வழி விடுகிறது. 'நான் அப்படிச் சொல்லவே இல்லையே' என்று அவர் சொன்னால், சரி என்று ஏற்றுக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டியதும் அதுதானே.

"எதுவும் கேட்கவில்லை, உங்கள் பெண்ணுக்குப் போடுவதைப் போடுங்கள்" என்கிறார்கள். நம்பலாமா?

அடுத்து "எத்தனை பவுன்?" என்று கேட்கிறார்களா என்று பாருங்கள். கேட்டால் எண் எதுவும் சொல்லாமல், "அவளுக்கு எது செய்தாலும் எங்கள் விருப்பப்படி, அவளுக்கென்றே செய்வோம்" என்று மட்டும் சொல்லுங்கள். கேட்காமல் தரும் பரிசுகளை வரதட்சணைத் தடைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் அதன் கீழ் வந்த 1985ஆம் ஆண்டு விதிகளின்படி அவற்றுக்கு எழுத்துப் பட்டியல் வேண்டும், மணமக்கள் கையெழுத்தும் வேண்டும்.

செய்தியில் சட்டத்தைக் குறிப்பிடலாமா?

முதல் செய்தியில் வேண்டாம், மிரட்டலாகத் தெரியும். மறுபடி வற்புறுத்தினால், "கொடுப்பதும் குற்றம், அதனால் எங்களால் முடியாது சார்" என்று சொல்லலாம். அது உண்மையும்கூட. 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டத்தில் கேட்பவருக்கு மட்டுமல்ல, கொடுப்பவருக்கும் தண்டனை உண்டு.

நாங்கள் பையன் வீட்டார். எதுவும் வேண்டாம் என்பதை எப்படிச் சொல்வது?

"உங்கள் இஷ்டம்" என்று மட்டும் சொல்லாதீர்கள், பெண்ணின் அப்பா கடன் வாங்கக் கிளம்பிவிடுவார். "நகை, பணம், வண்டி எதுவும் வேண்டாம்" என்று பெயர் சொல்லியே சொல்லுங்கள்.

செய்தி அனுப்பிப் பத்து நாளாகிறது, பதிலே இல்லை.

ஒருமுறை போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை வருகிறார்களா என்று மட்டும் கேளுங்கள். அதற்கும் மழுப்பினால், உங்கள் மகள் பையனிடமே பேசட்டும். "அப்பா அம்மா விஷயத்தில் நான் தலையிட மாட்டேன்" என்று அவர் சொன்னால், மண்டபத்துக்கு முன்பணம் கட்டாதீர்கள்.