படம் வேறு தாள், விலை வேறு தாள்

"ஈரோட்டில் நைட்டி மொத்த வியாபாரம் செய்கிறேன். 56 ரகம் இருக்கிறது. தினமும் ஒவ்வொரு கடைக்காரருக்கும் தனித்தனியாகப் போட்டோவும் விலையும் அனுப்பி அலுத்துவிட்டது. விலையோடு கேட்லாக் அடித்துத் தர ஒருவர் முன்வந்திருக்கிறார், ஆனால் 1,000 பிரதி எடுக்க வேண்டும் என்கிறார். செய்யலாமா?"

வேண்டாம். ஆயிரமும் வேண்டாம், படத்துக்குப் பக்கத்தில் விலையும் வேண்டாம். நூல் விலை ஏறினால் உங்கள் விலையும் ஏறும், அன்றைக்கே அந்த ஆயிரமும் பழைய பேப்பர்தான். அதைவிட, உங்களிடம் வாங்குகிற கடைக்காரர் அந்தப் புத்தகத்தைத் தன் வாடிக்கையாளரிடம் விரித்துக் காட்டுவார். உங்கள் மொத்த விலை அதில் இருந்தால் அவர் எப்படி லாபம் வைத்து விற்பார்? பேசாமல் எடுத்து உள்ளே வைத்துவிடுவார்.

ஆகவே இரண்டாகப் பிரியுங்கள். படங்கள் ஒரு புத்தகம், விலை ஒரே ஒரு ஏ4 தாள். இரண்டையும் இணைப்பது ரக எண். காட்டன் 101 முதல், ஹோசியரி 201 முதல், சாட்டின் 301 முதல் என்று வைத்தால் போதும். சிலர் விலையையே எண்ணுக்குள் ஒளித்துவைப்பார்கள், 240 ரூபாய் நைட்டிக்கு 240 என்று. விலை 255 ஆனதும் எண்ணை மாற்றுவதா வேண்டாமா என்று முழிப்பார்கள். நின்றுபோன ரகத்தின் எண்ணையும் புது ரகத்துக்குக் கொடுக்காதீர்கள். பழைய படத்தை வைத்திருப்பவர் ஆர்டர் போட்டால் வேறு சரக்கு போய் இறங்கும்.

எண்ணைப் படத்துக்குக் கீழே எழுதாமல் படத்தின் மேலேயே, ஒரு மூலையில் பதியுங்கள். யாராவது அந்த ஒரு படத்தை மட்டும் வெட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பி "இது இருக்கா?" என்று கேட்கும்போது எண்ணும் கூடவே வரும். போட்டோவை வாசல் நிழலில், எல்லாவற்றையும் ஒரே இடத்தில், ஒரே உயரத்தில் மாட்டி எடுத்தால் சரி. நேர் வெயிலில் மெரூன் சிவப்பாகத் தெரியும், அப்புறம் சரக்கு திரும்பி வரும்.

ஏ5 அளவில் பக்கத்துக்கு 4 படம் என்றால் 14 பக்கம், முன்னும் பின்னும் அட்டை சேர்த்து 16. நடுவில் பின் அடிக்கிற புத்தகத்துக்குப் பக்கங்கள் நான்கின் மடங்காக வர வேண்டும். நான்கு ஏ4 தாளை இரண்டு பக்கமும் அடித்து மடித்தால் முடிந்தது. டிஜிட்டல் பிரஸ்ஸில் 30 பிரதி எடுங்கள். ஆப்செட்டில் பிளேட் செலவு இருப்பதால் அவர்களுக்கு ஆயிரம் அடித்தால்தான் கட்டும், உங்களுக்கு ஏன்? வடிவமைப்பவரிடம் பிடிஎஃப் மட்டும் வாங்கி ஏமாறாதீர்கள், திருத்தக்கூடிய மூலக் கோப்பையும் கேட்டு வாங்கிய பிறகு பணத்தைத் தீருங்கள். இல்லையென்றால் ஒரு ரகம் மாற்றவும் அவர் வாசலில் நிற்க வேண்டும். அட்டைக்கு 'இலவச' க்யூஆர் என்பார்கள். அவற்றில் சில, சோதனைக் காலம் முடிந்ததும் வேலை செய்யாது, பணம் கேட்கும்.

வாட்ஸ்அப் பிசினஸ் கேட்லாக்கிலும் படங்களை ஏற்றலாம். அங்கே விலை போடுவது கட்டாயமில்லை. காலியாக விடுங்கள், பக்கத்துக் கடைக்காரரும் அதைப் பார்ப்பார்.

விலைத் தாளில் நான்கே பத்தி: எண், சைஸ், கட்டுக்கு எத்தனை, ஒரு பீஸ் விலை. தலையில் தேதியும் எதுவரை செல்லும் என்பதும், காலில் லாரி வாடகை யாருடையது, ஜிஎஸ்டி சேர்த்தா தனியா என்பதும் இருக்க வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தில்தான் சண்டை வருகிறது. 240 ரூபாய், ஜிஎஸ்டி 5 சதவீதம் என்றால் பீஸுக்கு 12 ரூபாய். 120 பீஸுக்கு 1,440 ரூபாய். எழுதாமல் விட்டால் அது உங்கள் தலையில்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். நீங்கள் காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் 'ஜிஎஸ்டி தனி' என்று எழுதவே கூடாது. அந்தத் திட்டத்தில் வரியை வாங்குபவரிடம் வசூலிக்க முடியாது, விற்பனையில் 1 சதவீதத்தை நீங்களே கட்டுகிறீர்கள். தாளில் ஒரே முடிவு விலைதான் வரும். வாங்குபவருக்கு உள்ளீட்டு வரி திரும்பக் கிடைக்காது என்பதால், அவர் உங்கள் 250ஐ அடுத்தவருடைய 240, வரி தனி என்பதோடு ஒப்பிட்டு உங்களுடையதை அதிகம் என்பார். மொத்தம் 252 கொடுத்தாலும் 12 திரும்ப வருமே அவருக்கு! வெளிமாநிலத்துக்கும் விற்க முடியாது, ஆக பாலக்காட்டுக் கடைக்கு விலைத் தாளே அனுப்பாதீர்கள். பதிவு செய்து கொடுப்பவர்கள் இதை முதல் நாளே சொல்லித் தொலைத்தால் என்ன? நோட்டீஸ் வந்த பிறகுதான் எல்லோருக்கும் சட்டம் ஞாபகம் வருகிறது. எந்தத் திட்டம் என்று தெரியாவிட்டால் உங்கள் பதிவுச் சான்றிதழிலேயே இருக்கும், பாருங்கள்.

விலைத் தாளை வாட்ஸ்அப் பிராட்காஸ்டில், படமாக இல்லாமல் பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். உங்கள் எண்ணைச் சேமித்து வைத்தவருக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும், அதனால் முதலில் எல்லோரையும் சேமிக்கச் சொல்லிவிடுங்கள். கோப்பின் பெயரிலேயே தேதியைப் போட்டால், போன மாத விலையைக் காட்டிப் பேரம் பேசுகிறவரிடம் தேதியைக் காட்டலாம்.