நேர்காணலுக்கு வராதவர்களை என்ன செய்வது?

"கோவையில் பம்ப் உதிரிபாகங்கள் தயாரிக்கும் நிறுவனத்தில் ஆள் எடுக்கும் பொறுப்பு என்னுடையது. கணக்காளர் வேலைக்கு ஆறு பேரை நேர்காணலுக்கு அழைத்தேன். இருவர் வரவில்லை, தகவலும் இல்லை. அவர்களை இனி அழைக்கவே கூடாது என்கிறார் முதலாளி. வந்த நால்வருக்கும் முடிவு சொல்லத் தாமதமாகும் போலிருக்கிறது. எப்படிக் கையாள்வது?"

வந்த நால்வரிடமிருந்து தொடங்குங்கள். "தகவல் சொல்கிறோம்" என்று அனுப்பிவிடாமல் ஒரு தேதி சொல்லுங்கள். முடிவெடுப்பவர் எப்போது அலுவலகத்தில் இருப்பார் என்று பார்த்துத்தான் அந்தத் தேதியைக் குறிக்க வேண்டும். முதலாளி வெள்ளிக்கிழமை வெளியூரிலிருந்து திரும்புகிறார் என்றால் சனிக்கிழமை என்று சொல்லாதீர்கள். அடுத்த புதன்கிழமை என்று சொல்லுங்கள். புதனன்றும் முடிவாகவில்லையா? அன்று மாலைக்குள் அதையே எழுதி, புதிய தேதி கொடுங்கள்.

பெரும்பாலும் மௌனத்தில் மாட்டிக்கொள்பவர் பட்டியலில் இரண்டாவதாக இருப்பவர். முதலாமவர் மறுத்துவிட்டால் தேவைப்படுவார் என்று அவருக்குப் பதிலே போடாமல் வைத்திருப்பார்கள். அவரோ அதற்குள் வேறு வாய்ப்பைத் தள்ளிப்போட்டுக் காத்திருப்பார். இது நியாயமே இல்லை. "இந்த வேலைக்கு முதலில் வேறொருவரிடம் பேசுகிறோம். அவர் திங்கட்கிழமைக்குள் பதில் சொல்வார். செவ்வாய்க்கிழமை உங்களுக்குத் தெரிவிக்கிறோம். அதற்குள் வேறு வேலை கிடைத்தால் தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று எழுதுங்கள். இப்படி எழுதினால் அவர் கைநழுவக்கூடும்தான். ஆனாலும் தன் முடிவைத் தானே எடுக்க அவருக்கு உரிமை உண்டு.

இனி, வராத இருவர். குறித்த நேரத்துக்குப் பதினைந்து நிமிடம் கழித்து ஒருமுறை தொலைபேசியில் அழைக்க வேண்டும். தொழிற்பேட்டைக்குள் வழி தெரியாமல் சுற்றிக்கொண்டிருக்கலாம். உங்கள் மின்னஞ்சல் ஸ்பேமில் போய் விழுந்திருக்கலாம். எடுக்காவிட்டால், "இன்று உங்களைச் சந்திக்க முடியவில்லை. இன்னும் விருப்பம் இருந்தால் நாளை மாலை ஐந்து மணிக்குள் தெரிவியுங்கள்" என்று ஒரு செய்தி. காரணம் சொன்னால் ஒரே ஒருமுறை வேறு நேரம் கொடுங்கள். மருத்துவச் சான்று கேட்காதீர்கள். பதில் இல்லாவிட்டால் விண்ணப்பத்தை முடித்துவிட்டதாகத் தெரிவியுங்கள். கோப்பில் "நேர்காணலுக்கு வரவில்லை, செய்திக்குப் பதிலில்லை" என்பதோடு நிறுத்துங்கள். "பொறுப்பற்றவர்" என்பது உங்கள் ஊகம். தெரிந்தவர் சிபாரிசில் வந்தவருக்கும் இதே விதிதான்.

நிரந்தரத் தடை வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லுங்கள். அடுத்த காலியிடத்துக்கு அவர் விண்ணப்பிக்கட்டும். இரண்டாம் முறையும் சொல்லாமல் நின்றுவிட்டால் மறுப்பது முறை.

அதோடு, விண்ணப்பம் வந்த நாளுக்கும் நீங்கள் அழைத்த நாளுக்கும் எத்தனை நாள் இடைவெளி என்று பாருங்கள். மூன்று வாரம் பேச்சே இல்லாமல் திடீரென்று அழைத்திருந்தால், அவர்களுக்கு ஏற்கெனவே வேறு வேலை கிடைத்திருக்கக்கூடும். அடுத்த முறை நேர்காணலுக்கு முந்தின நாள் காலையில் இடம், நேரம், சந்திக்கப்போகிறவர் பெயர், எவ்வளவு நேரம் ஆகும் என்பதை அனுப்பி, "வர இயலாவிட்டால் 'இல்லை' என்று மட்டும் பதில் போடுங்கள், காரணம் தேவையில்லை" என்று சேர்த்துவிடுங்கள். காரணம் சொல்லக் கூச்சப்பட்டே பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.