டைல் எண்ணாக மாற்றித் திரும்பினால் போர் பாயிண்ட் ஏன் நகர்ந்துவிடுகிறது?

"திருச்செங்கோட்டில் ஒரு போர்வெல் ரிக் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். போர் போட்ட இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை மேப் டைல் எண்ணாக மாற்றிச் சேமித்து வைத்தேன். அதையே திரும்ப மாற்றினால் ஈரோட்டில் உள்ள ஒரு போர் முக்கால் கிலோமீட்டர் வடமேற்கே போய் நிற்கிறது. வேறு சில பாயிண்டுகள் நடுக்கடலில் விழுகின்றன. சூத்திரம் தப்பா?"

சூத்திரம் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். டைல் எண்ணை ஒரு சர்வே எண் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். சர்வே எண் தோட்டம் முழுவதற்கும் ஒன்றுதான். கிணறு அந்தத் தோட்டத்தின் எந்த மூலையில் இருக்கிறது என்று அது சொல்லாது. நீங்கள் கிணற்றின் இடத்தைக் கொடுத்துவிட்டு, சர்வே எண்ணை மட்டும் எழுதி வைத்திருக்கிறீர்கள்.

கணக்கு இதுதான். ஜூம் 0 என்றால் உலகம் முழுக்க ஒரே சதுர டைல். ஒவ்வொரு ஜூமுக்கும் நீளத்திலும் அகலத்திலும் இரண்டு மடங்காகும். ஆகவே ஜூம் 15-இல் ஒரு பக்கத்துக்கு 32768 டைல்கள். x மேற்கிலிருந்து கிழக்கே போகும், y வடக்கிலிருந்து தெற்கே இறங்கும். தீர்க்கரேகையை நேராகப் பங்கு போட்டால் x கிடைத்துவிடும். y அப்படி வராது. இந்த மேப் மெர்கேட்டர் முறையில் வரைந்தது, துருவத்தை நோக்கிப் போகப் போக இழுபட்டுக்கொண்டே போகும். அதனால்தான் சூத்திரத்தில் `tan`, `asinh` எல்லாம் வருகின்றன. மேப்பைச் சதுரமாக வைக்க வேண்டும் என்பதற்காக வடக்கிலும் தெற்கிலும் 85.0511 டிகிரியோடு வெட்டிவிட்டார்கள். நமக்கு அந்த எல்லையால் தொந்தரவு இல்லை.

```python
from math import radians, degrees, tan, asinh, atan, sinh, pi

def to_tile(lat, lon, z):
    n = 2 ** z
    x = (lon + 180) / 360 * n
    y = (1 - asinh(tan(radians(lat))) / pi) / 2 * n
    return x, y

def to_latlon(x, y, z):
    n = 2 ** z
    lon = x / n * 360 - 180
    lat = degrees(atan(sinh(pi * (1 - 2 * y / n))))
    return lat, lon
```

பல இடங்களில் `to_tile` கடைசியில் `int` போட்டு முழு எண்ணாகத் திருப்பித் தரும். நான் வேண்டுமென்றே போடவில்லை. ஏன் என்று ஈரோட்டுக்குள் ஒரு புள்ளியை எடுத்துப் பார்ப்போம்: அட்சரேகை 11.345, தீர்க்கரேகை 77.72, ஜூம் 15.

x = 23458.247 என்றும் y = 15344.538 என்றும் வரும். முழு எண் பகுதிதான் டைலின் பெயர், அதாவது `15/23458/15344`. புள்ளிக்குப் பின்னால் இருப்பது, அந்த டைலுக்குள் நம் போர் எங்கே இருக்கிறது என்பது. மேற்கு ஓரத்திலிருந்து கால்வாசி தூரம், வடக்கு ஓரத்திலிருந்து பாதிக்குச் சற்று அதிகம். 256 பிக்சல் டைலாக இருந்தால் 0.247-ஐயும் 0.538-ஐயும் 256-ஆல் பெருக்குங்கள். 63-ஆவது, 137-ஆவது பிக்சல் என்று கிடைக்கும், குறியை அங்கே வைக்கலாம்.

இப்போது புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிட்டு 23458, 15344 என்று மட்டும் `to_latlon`-க்குக் கொடுங்கள். 11.35080, 77.71729 என்று வரும். அது டைலின் வடமேற்கு மூலை. நம் ஊர் அட்சரேகையில் ஜூம் 15 டைல் ஒன்று ஏறக்குறைய 1.2 கிலோமீட்டர் அகலம். ஆகவே மூலைக்கும் நம் போருக்கும் சுமார் 300 மீட்டர் கிழக்கு மேற்காகவும், 645 மீட்டர் வடக்கு தெற்காகவும் இடைவெளி. நேர்கோட்டில் 710 மீட்டர். நீங்கள் பார்த்த முக்கால் கிலோமீட்டர் இதே வகைதான். எப்போதும் வடமேற்கே மட்டும் நகர்ந்தால், வெட்டியதுதான் காரணம் என்று சந்தேகமில்லாமல் சொல்லலாம்.

டைலின் நடு வேண்டுமென்றால் x, y இரண்டோடும் 0.5 கூட்டிக் கொடுங்கள். ஆனால் அதுவும் போர் இருக்கும் இடம் ஆகாது. ஜூம் 19-க்குப் போனாலும் டைல் 75 மீட்டர் அகலம் இருக்கிறது, தப்பு சுருங்குமே தவிரப் போகாது. போர் பாயிண்டுக்கு அட்சரேகை, தீர்க்கரேகையைத்தான் சேமிக்க வேண்டும். டைல் எண்ணை, எந்தப் படத்தைத் திறப்பது என்று கண்டுபிடிக்க மட்டும் அவ்வப்போது கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே முழு எண்ணாக மட்டும் எழுதி வைத்தவற்றை எந்தச் சூத்திரத்தாலும் மீட்க முடியாது. பழைய ஜிபிஎஸ் குறிப்பு இருந்தால் அதிலிருந்து திரும்ப ஏற்றுங்கள்.

சரி, நடுக்கடல் விஷயம். தப்பு எங்கே என்பதைப் பாயிண்ட் போய் விழுந்த இடமே காட்டிக்கொடுக்கும். இந்தியப் பெருங்கடலில், நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே அதே 11 டிகிரியில், தீர்க்கரேகை மாறாமல் விழுந்தால் y தலைகீழாக இருக்கிறது. டிஎம்எஸ் என்ற முறையில் y தெற்கிலிருந்து வடக்கே எண்ணப்படும். எம்பிடைல்ஸ் கோப்பில் `tile_row` அப்படித்தான் இருக்கும். நம் 15344 அங்கே 17423. ஒன்றை மற்றதாக்க `2**z - 1 - y` போதும். அந்த ஒன்றைக் கழிக்க மறந்தால் ஒரு டைல் தள்ளிப் போகும், படம் பார்க்கச் சரியாகவே தெரியும் என்பதால் கண்டுபிடிக்கச் சிரமம்.

நார்வேக்கு வடக்கே, ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே உள்ள கடலில் விழுந்தால் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருக்கின்றன. ஜியோஜேசன் கோப்பில் தீர்க்கரேகை முதலில் வரும் என்பதால் இது அடிக்கடி நடக்கும். அண்டார்டிகாவில், நம் பாரதி ஆய்வு நிலையம் இருக்கும் பக்கம் விழுந்தால் `radians` விட்டுப்போயிருக்கிறது. 11.345 டிகிரியை 11.345 ரேடியன் என்று எடுத்துக்கொண்டால் சுமார் 70 டிகிரி தெற்கு என்று வந்துவிடும். ஆனால் இந்த மூன்றாவது வகை, பாயிண்டுக்குப் பாயிண்ட் கண்டபடி சிதறும். அட்சரேகையில் சின்ன வித்தியாசம் இருந்தாலும் பெரிதாகத் துள்ளும்.

மேப்பைத் திறக்காமலே சோதிக்க ஒரு வழி உண்டு. எந்த ஜூமாக இருந்தாலும் ஈரோட்டுப் பக்கத்துக்கு x-ஐ `2**z`-ஆல் வகுத்தால் 0.716-க்கு அருகிலும், y-ஐ வகுத்தால் 0.468-க்கு அருகிலும் வர வேண்டும். ஜூம் 10-இல் இது 733, 479. y வகுத்தால் பாதிக்கு மேல் வந்தால் நிலநடுக்கோட்டைத் தாண்டிவிட்டீர்கள் என்று பொருள்.

அடுத்து, சிக்னல் இல்லாத இடத்தில் பார்க்க ஒரு பகுதியின் டைல்களைச் சேர்த்துவைக்க நினைத்தால், வடமேற்கு மூலையையும் தென்கிழக்கு மூலையையும் மாற்றி, இரண்டுக்கும் நடுவில் உள்ளவற்றை எடுங்கள். தென்மேற்கிலிருந்து வடகிழக்கு என்று எடுத்தால் தொடக்க y பெரிதாகவும் முடிவு y சிறிதாகவும் இருக்கும். லூப் ஒரு தடவைகூடச் சுற்றாது, பிழை என்றும் எதுவும் வராது. அப்புறம், ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் `tile.openstreetmap.org` சர்வரிலிருந்து இப்படி மொத்தமாக இறக்க அவர்களுடைய விதி இடம் தருவதில்லை. அந்த மேப்பின் தரவு எல்லாருக்கும் இலவசம். அதை இறக்கி, உங்கள் கணினியிலேயே டைல் தயாரித்துக்கொள்ளுங்கள்.